செட்டர் வேலை விளம்பரங்களைப் பிரித்துப் படித்தல்: ஓசூர் நாட்குறிப்பு

ஜூன் 2

ஓசூர் சிப்காட்டில் வி.எம்.சி. என்ற சி.என்.சி. மில்லிங் மெஷினில் ஆபரேட்டராக இருக்கும் டிப்ளமோ பையன் ஒருவர், மெஷினை ஜாபுக்குத் தயார் செய்து கொடுக்கும் செட்டர் வேலைக்குப் போக வேண்டும். அதற்கு எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்பதுதான் இந்தப் பட்டியல். அதைச் செட்டர் வேலை விளம்பரங்களிலிருந்தே எடுக்கிறோம், கடைசி 30 நாளில் வந்தவை போதும். ஓசூரோடு அத்திப்பள்ளி, பொம்மசந்திராவையும் சேர்த்துக்கொண்டோம், தினமும் போய்வரும் தூரம்தானே. கன்சல்டன்சிகள் ஒரே வேலையைப் பல பெயரில் போடுவார்கள். சம்பளம், ஷிப்ட், மெஷின் வகை மூன்றும் ஒன்றாக இருந்தால் அது ஒரே வேலைதான். அப்படிக் கழித்தபின் 16 தேறின.

ஜூன் 4

ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரிசை, ஒரு திறனுக்கு ஒரு பத்தி என்று எக்செல் ஷீட் போட்டாயிற்று. கட்டாயம் என்றால் 2, இருந்தால் நல்லது என்றால் 1, பேச்சே இல்லையென்றால் காலி.

'தேவையான திறன்கள்' என்ற பகுதியை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். ஒரு விளம்பரத்தில் அந்த இடத்தில் இருந்தவை ஃபானக், டிராயிங், எக்செல் மூன்றுதான். வேலை விவரத்தில் இருந்த ஒரு வரியோ, 'இரவு ஷிப்டில் இரண்டு மெஷின்களைத் தனியாகக் கையாள வேண்டும்' என்றது. கூப்பிட ஆள் இருக்காது என்று அதற்கு அர்த்தம். அலாரத்தைத் தீர்ப்பது, இன்சர்ட் மாற்றியபின் ஆஃப்செட்டைத் திருத்துவது, முதல் பீஸை அளந்து ஒப்புதல் வாங்குவது எல்லாம் அந்த ஒரே வரிக்குள் அடங்கியிருக்கின்றன. அதனால் வேலை விவரத்தில் வருவதையும் 2 என்றே குறிக்கிறோம்.

ஜூன் 5

எண்ணும்போது 2-களை மட்டும் எண்ண வேண்டும்:

```
=COUNTIF(C2:C17,2)
```

பெயர் வருகிற விளம்பரங்களை எண்ணினால், புரோகிராம் தயாரிக்கும் சாஃப்ட்வேரான மாஸ்டர்கேமுக்கு 9, புரோகிராம் திருத்தத்துக்கும் 9. கட்டாயம் என்பதை மட்டும் எண்ணினால் மாஸ்டர்கேமுக்கு 2, புரோகிராம் திருத்தத்துக்கு 8. முதல் பீஸ் செட்டிங் 11, டிராயிங் வாசிப்பு 10. முதலில் மாஸ்டர்கேம் கோர்ஸுக்குப் பணம் கட்டுவது ஏன் வீண் என்று இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரிகிறது.

'3 ஆண்டு அனுபவம்' என்பது திறன் இல்லை. அதற்குத் தனிப் பத்தி.

ஜூன் 7

இப்போது பையன் பக்கம். 'தெரியுமா?' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் தெரியும் என்றுதான் பதில் வரும். அதனால் ஒவ்வொரு திறனையும் செய்து காட்டும் வேலையாக மாற்றினோம்.

போர் டயல் கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 50 H7 துளை என்றால் 50.000 முதல் 50.025 வரை இருக்கலாம். கேஜை 50 மி.மீ. செட்டிங் ரிங்கில் வைத்து ஜீரோ செய்து, துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட வேண்டும். ஊசி திரும்பும் இடம், அதாவது மிகக் குறைந்த அளவு, அதுதான் துளையின் அளவு. கேஜைச் சாய்வாக வைத்தபடி படித்தால் துளை பெரிதாகத் தெரியும், நல்ல பீஸ் ரிஜெக்ட் ஆகும். பையன் ஆட்டிப் படிப்பது சரிதான். ஆனால் ஜீரோவை எப்போதும் வேறொருவர்தான் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆகவே 'உடன் ஆள் இருந்தால்' என்று குறித்தோம்.

மற்றவை சுருக்கமாக: டூல் தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேர் ஆஃப்செட் தனியாகப் போடுவார், பீஸின் ஜீரோ புள்ளியான G54 எடுத்ததில்லை, டூல் நீளம் எடுத்ததில்லை, டிராயிங்கில் பொசிஷன் டாலரன்ஸ் படிக்க வராது.

ஜூன் 11

வரிசை போடும்போது 2-களின் எண்ணிக்கை மட்டும் போதாது, எது எதற்கு முந்தியது என்றும் பார்க்க வேண்டும். டிராயிங்கில் அளவுகளுக்கு ஆதாரமான டேட்டம் எது என்று தெரியாதவர் G54-ஐ எங்கே எடுப்பார்? ஆக முதலில் டிராயிங், பிறகு G54-உம் டூல் நீளமும், அதோடு போர் கேஜ் ஜீரோ, கடைசியில் புரோகிராம் திருத்தம்.

புரோகிராமுக்கு வைத்த சோதனை M8 டேப்பிங். பிட்ச் 1.25, டிரில் 6.8 மி.மீ. 400 ஆர்.பி.எம். என்றால் ஃபீடு 400 × 1.25 = 500.

```
M29 S400
G99 G84 X20. Y20. Z-18. R5. F500
```

சோதனையே இனிமேல்தான்: வேகத்தை 300 ஆகக் குறைக்கச் சொன்னால் என்ன செய்கிறார்? S-ஐ மட்டும் மாற்றி F-ஐ 500-லேயே விட்டால் ஒரு சுற்றுக்கு 1.25-க்குப் பதில் 1.67 மி.மீ. இறங்கும். மரை கெடும், டேப் உடையும். F375 என்று தானாக மாற்றினால் அந்தத் திறன் வந்துவிட்டது என்று எழுதலாம். எழுதியதை நேராக ஓட்டக்கூடாது. ஷிப்ட் இன்சார்ஜ் அனுமதியோடு, ஜாப் மாற்றும் நேரத்தில், செட்டர் பக்கத்தில் நிற்க, Z-ஐ உயர்த்தி டிரை ரன் பார்க்க வேண்டும்.

ஜூன் 14

பட்டியலில் நான்கே வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்து காட்ட வேண்டிய வேலையும், அதைப் பார்த்துச் சரி என்று சொல்லப்போகும் ஆளும். மாஸ்டர்கேம் பட்டியலில் இல்லை. அடுத்த மாத விளம்பரங்களில் அதற்கான 2-கள் கூடினால் சேர்க்கலாம். பயோடேட்டாவில் 'சி.என்.சி. அறிவு உண்டு' என்ற வரியை எடுத்துவிட்டு, நான்கும் முடிந்தபின் '50 H7 போர், G54 மற்றும் டூல் நீள செட்டிங், முதல் பீஸ் ஒப்புதல் வரை தனியாக' என்று எழுதச் சொல்லியிருக்கிறோம்.