புத்தாண்டு விடுமுறைக்கு முன் ஒரு பதிலைப் பெற்ற கதை

ஹட்டனில் சிறிய பேக்கரி நடத்தும் நான், மா பிசையும் இயந்திரம் ஒன்றை 2025 ஜனவரி 20ஆம் திகதி வாங்கினேன். பெப்ரவரி 8ஆம் திகதி அது ஓட்டத்தின் நடுவில் நின்றது. அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே நின்றுகொண்டிருந்தது. விநியோகஸ்தரின் கண்டிக் கிளைக்குத் தொலைபேசியில் முறையிட்டதும் 19ஆம் திகதி ஒரு தொழில்நுட்பவியலாளர் வந்து பட்டியை இறுக்கிவிட்டுச் சென்றார். வேலைச் சீட்டு எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. 27ஆம் திகதி மீண்டும் அதே கோளாறு.

அடுத்த இரண்டு வாரங்களும் "ஆள் அனுப்புகிறோம்" என்ற பதிலிலேயே கழிந்தன. பொறுமை இழந்து மார்ச் 13ஆம் திகதி கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டிக்குப் பஸ்ஸில் சென்றேன். அன்று போயா தினம் என்பது கிளையின் இறக்கப்பட்ட இரும்புக் கதவைக் கண்ட பிறகே நினைவுக்கு வந்தது. 17ஆம் திகதி தொலைபேசியில் கிடைத்த பதில்தான் என்னை மிகவும் புண்படுத்தியது. "மலைநாட்டுப் பக்கம் வோல்டேஜ் குறைவு ஐயா, அதுதான் மோட்டார் நிற்குது. அது உத்தரவாதத்துக்குள் வராது."

கிளையோடு பேசிப் பயனில்லை என்று அப்போது தெரிந்தது. தலைமையகத்தின் வரவேற்பாளரிடம், வாடிக்கையாளர் முறைப்பாடுகளுக்குப் பொறுப்பான மூத்த முகாமையாளரின் பதவிப்பெயரையும் முகவரியையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அன்றிரவு எழுதிய முதற் கடிதம் நான்கு பக்கம் நீண்டது. கிளை ஊழியரின் பேச்சு, என் மனவேதனை, "கிட்டத்தட்ட இரண்டு மாதம் வேலை நின்றது" என்ற வாக்கியம் எல்லாம் அதில் இருந்தன. அயலில் இருக்கும் ஆங்கில ஆசிரியை அதைப் படித்துவிட்டு, "இரண்டு மாதம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், அண்ணா?" என்று கேட்டார். பேக்கரியின் நாட்குறிப்பைப் புரட்டி எண்ணியபோது, இயந்திரம் பயன்படாத நாட்கள் 36 மட்டுமே. நான் எழுதியபடி அனுப்பியிருந்தால், அந்த ஒரு மிகைப்படுத்தலைப் பிடித்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் அவர்கள் தள்ளிவைத்திருப்பார்கள்.

வோல்டேஜ் குற்றச்சாட்டுக்கும் ஆதாரத்தோடு பதில் வேண்டியிருந்தது. எங்கள் மின் பணியாளர் மூன்று நாட்கள், அதிகாலை நான்கரை மணிக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டர் வைத்து அளந்தார். கிடைத்த அளவுகள் 221, 224, 219. இலங்கையில் வீட்டு, கடை இணைப்புகளுக்குரிய 230 வோல்ட், 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது 216 வரை இறங்குவதும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். இயந்திரத்தைக் கொள்ளளவுக்கு மேல் நிரப்பியதாகச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, 25 கிலோ என்று பொறித்திருந்த தகட்டையும் நாங்கள் போட்ட 12 கிலோ மாவையும் ஒரே படத்தில் எடுத்து இணைத்தோம்.

இறுதிக் கடிதம் ஒரே பக்கம். முதல் வரியிலேயே கோரிக்கை: மோட்டாரை மாற்றித் தரவேண்டும், அல்லது வேறு இயந்திரம் தரவேண்டும். அடுத்து திகதிகளும் நடந்தவையும். பிறகு பாதிப்பு: கையால் பிசைந்ததால் நாளொன்றுக்கு 240 பாணுக்குப் பதில் 150 மட்டுமே சுட முடிந்தது, 36 நாளில் 3,240 பாண் குறைந்தது. நாட்குறிப்புப் பக்கங்களின் பிரதிகளும் இணைக்கப்பட்டன.

காலக்கெடுவைத்தான் அதிகம் யோசித்தேன். முதலில் "மூன்று நாட்களுக்குள்" என்று எழுதியிருந்தேன். பதிவுத் தபால் கொழும்பைச் சேரவே அவ்வளவு நாள் ஆகும். மறுபுறம், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி பொருள் வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு அது ஏப்ரல் 20. அதற்கு முந்திய வாரம் சித்திரைப் புத்தாண்டு, எந்த அலுவலகமும் ஒழுங்காக இயங்காது. ஆகவே "ஏப்ரல் 7, திங்கட்கிழமை, மாலை 4 மணிக்குள் எழுத்தில் பதில் தரவும், தவறினால் மறுநாளே அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன்" என்று திகதியோடு எழுதி, மார்ச் 24ஆம் திகதி பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன்.

ஏப்ரல் முதலாம் திகதி முகாமையாளரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியதை மின்னஞ்சலில் உறுதிசெய்யும்படி கேட்டேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. 3ஆம் திகதி வந்தவர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தபோது பெயாரிங் தேய்ந்து கையால் சுழற்றினாலே கரகரத்தது. 5ஆம் திகதி புதிய மோட்டார் பொருத்தப்பட்டது. இம்முறை வேலைச் சீட்டில் கையொப்பம் வாங்காமல் அவரை விடவில்லை. புதிய மோட்டாரின் உத்தரவாதம் அன்றிலிருந்து தொடங்கும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்கினேன்.

நட்டஈடு மட்டும் கிடைக்கவில்லை. கடிதத்தின் கடைசி வரியில் "ஏற்பட்ட நட்டத்தைக் கருத்திற்கொள்ளுமாறு" என்று மட்டும் எழுதியிருந்தேன். தொகை எதுவும் குறிப்பிடவில்லை. அவர்களும் வருத்தம் தெரிவித்து, அதைக் கருத்திற்கொண்டதாகப் பதில் எழுதியிருந்தார்கள்.