தராசு இறங்குகிறது, இடுப்பு இறங்கவில்லை

நைட் டியூட்டி செய்துகொண்டு உடம்பைக் குறைக்க நினைக்கிறவர்கள் முதலில் கைவைப்பது சோற்றில்தான். நான் வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறேன். வார்ட்டில் என்னோடு நிற்கிற சிற்றூழியர்கள், வாசலில் இருக்கிற காவலாளி அண்ணாக்கள், ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போய்விட்டு கிளினிக்குக்கு வருகிற பிள்ளைகள் என்று எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், எல்லாரும் சோற்றைத்தான் முதலில் நிறுத்தியிருக்கிறார்கள். நித்திரையைப் பற்றி நான் கேட்டால், "அது கிடக்கட்டும் மிஸ், சாப்பாட்டைச் சொல்லுங்கோ" என்பார்கள். நித்திரையை அப்படிக் கிடக்க விட்டால் சாப்பாட்டைக் குறைத்ததின் பலன் பாதிக்கு மேல் வீணாகிப் போகலாம் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

எங்கள் வார்ட்டில் ஒரு அக்கா இருக்கிறா, நாற்பதைத் தாண்டியவ, விசுவமடுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவ. ஒருநாள் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னா, "தங்கச்சி, 76 கிலோ இருந்தனான், இப்ப 72. ஆனா சட்டை அப்பிடியேதான் இறுக்குது. நோயாளியைத் தூக்கவும் முந்தி மாதிரி ஏலாமக் கிடக்கு." வார்ட்டில் இருந்த அளவுநாடாவால் இடுப்பை அளந்து பார்த்தோம். 97 சென்ரிமீற்றர். தொடங்கும்போது 98 என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தது. நாலு கிலோ போயிருக்கிறது, இடுப்பில் ஒரு சென்ரிமீற்றர்தான் போயிருக்கிறது, கைப்பலமும் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் போனதில் பெரும்பங்கு கொழுப்பு இல்லை, தசையும் தண்ணியும் என்று சந்தேகப்பட வேண்டும்.

இது அந்த அக்காவுக்கு மட்டும் நடக்கிற புதினம் இல்லை. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. உடற்பருமன் கூடிய 10 பேருக்கு 14 நாள் அளவான குறைந்த சாப்பாடு கொடுத்தார்கள். ஒரு தடவை இரவில் எட்டரை மணித்தியாலம் படுக்க விட்டார்கள், இன்னொரு தடவை ஐந்தரை மணித்தியாலம் மட்டும். இரண்டு தடவையும் குறைந்த நிறை கிட்டத்தட்ட ஒன்றுதான், 3 கிலோ அளவு. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, நித்திரை குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு. மிச்சம் தசை முதலான கொழுப்பல்லாத பகுதியில் இருந்து போனது. பத்துப் பேர் என்பது சின்னத் தொகை, இரண்டு கிழமை என்பது குறுகிய காலம், அதனால் இந்தக் கணக்கை அப்படியே எங்களுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் தராசை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது பசி. வயிற்றில் இருந்து கிரெலின் என்று ஒரு ஹோர்மோன் சுரந்து "சாப்பிடு" என்று மூளைக்குச் சொல்லும். கொழுப்புக் கலங்களில் இருந்து வருகிற லெப்டின் "கையிருப்பு இருக்கிறது, போதும்" என்று சொல்லும். 2004 இல் அதே பல்கலைக்கழகத்தில் 12 இளம் ஆண்களை இரண்டு இரவு 4 மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டு, இன்னொரு தடவை 10 மணித்தியாலம் படுக்க விட்டபோது இருந்த அளவுகளோடு ஒப்பிட்டார்கள். நித்திரை குறைந்தபோது லெப்டின் 18 வீதம் இறங்கியிருந்தது, கிரெலின் 28 வீதம் ஏறியிருந்தது. ஆசைப்பட்டதும் மாச்சத்து, இனிப்பு, உப்புத் தீனி வகைகளில்தான். பிறகு வந்த எல்லா ஆய்வுகளிலும் இந்த ஹோர்மோன் மாற்றம் ஒரே மாதிரி வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நித்திரை குறைந்தவர்கள் கூடச் சாப்பிடுகிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. விடியப்புறம் மூன்று மணிக்கு கன்டீனில் இருந்து ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுகிறவரை "வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்று ஏசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய உடம்பே அவரைத் தள்ளுகிறது.

சரி, அந்த அக்காவின் ஒரு நாள் எப்படி இருந்தது என்று பார்ப்போம். டயட் என்று சொல்லி டியூட்டிக்கு முன்னம் ஒன்றும் சாப்பிடமாட்டா. இரவு 7 மணிக்கு வேலை தொடங்கினால் 11 மணி வரைக்கும் பிளேன்டீதான். 2 மணிக்குப் பசி தாங்காமல் இரண்டு ரோல்ஸ், சீனி போட்ட பால் தேத்தண்ணி, சில நேரம் ஒரு பணிஸ். 4 மணிக்குக் கண் சொருகும், இன்னொரு தேத்தண்ணி. காலை 7 மணிக்கு இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போக எட்டரை. அதற்குப் பிறகு சமையல், உடுப்புத் தோய்ப்பு எல்லாம் முடித்துப் படுக்க பத்தரை. தகரக் கூரை வீடு. பன்னிரண்டு மணிக்கு அந்த அறைக்குள் மனிசர் இருக்க முடியாது. பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வரும். ஒன்றரைக்கு எழும்பிவிடுவா. மூன்று மணித்தியால நித்திரை, அதுவும் துண்டு துண்டாக.

நாங்கள் சாப்பாட்டின் அளவை முதலில் தொடவில்லை. படுக்கிற நேரத்தைத்தான் மாற்றினோம். காலையில் உடம்பின் வெப்பநிலை தானாகவே ஏறிக்கொண்டு போகும், உடல் கடிகாரம் விழிப்புப் பக்கம் இழுக்கும், அதனால் படுக்கிற நேரம் பிந்தப் பிந்த நித்திரையின் நீளமும் குறையும். வன்னி வெயிலில் இது இரண்டு மடங்கு உண்மை. ஒன்பது மணிக்கு முன்னம் படுத்தால் வெக்கை வரமுதல் மூன்று, மூன்றரை மணித்தியாலம் ஆழமாகக் கிடைக்கும். இதற்கு வீட்டில் ஒரு ஒப்பந்தம் வேண்டும். நைட் முடிகிற நாட்களில் காலைச் சமையல் தன்னுடையது என்று அவவின் மனுசன் ஒத்துக்கொண்டார். இந்த ஒன்று நடக்காவிட்டால் மற்ற எதுவும் நடந்திருக்காது, பெண்களுக்கு நைட் டியூட்டியின் பாதிப்பில் பாதி வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மிச்ச நித்திரையைப் பின்னேரம் எடுக்கச் சொன்னோம். மூன்றரையில் இருந்து ஐந்து வரை, வெயில் சாய்ந்த பிறகு. ஒரே மூச்சில் ஏழு மணித்தியாலம் பகலில் தூங்க முடியாதவர்களுக்கு இப்படி இரண்டாகப் பிரிப்பது நல்ல வழி, டியூட்டிக்குப் போகமுதல் எடுக்கிற அந்தத் தூக்கம் விடியப்புறக் கண் சொருகலையும் குறைக்கும். படுக்கிற இடத்தை மேற்குப் பக்க அறையில் இருந்து வடக்குப் பக்கத்துக்கு மாற்றினா. ஸ்பொஞ் மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும், சீமெந்து நிலத்தில் பாய் போட்டு, காற்றாடியைப் பக்கத்தில் வைத்துப் படுத்தா. யன்னலைக் கறுப்புப் பொலித்தீனால் மூடினால் அறை அவிந்து போகும், அதனால் காற்றுப் போக விட்டுவிட்டு கண்ணுக்கு மட்டும் மடித்த பருத்தித் துணி. காதுக்குப் பஞ்சு. கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் இதெல்லாம் எடுபடாது, அந்தக் கிழமையில் ரோஸ்டரை மாற்றிக் கேட்பதுதான் வழி.

தேத்தண்ணியைப் பற்றி ஒரு கணக்கு. உடம்பில் சேர்ந்த கஃபீனில் பாதி போக ஏறக்குறைய 5 மணித்தியாலம் எடுக்கும். விடிய 4 மணிக்குக் குடித்ததில் பாதி 9 மணிக்கும் இரத்தத்தில் நிற்கும், அதாவது சரியாகப் படுக்கிற நேரத்தில். கடைசித் தேத்தண்ணி 2 மணிக்கு முன்னம் என்று வைத்தோம். பிறகு தண்ணியும், எழும்பி நடப்பதும்தான்.

சாப்பாட்டின் நேரத்தையும் அப்புறம்தான் மாற்றினோம். பெரிய சாப்பாடு டியூட்டிக்கு முன்னம், ஆறு ஆறரைக்கு. சோறு, மீன், பருப்பு, ஒரு இலைக்கறி. சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. இரவு 11 அல்லது 12 மணிக்கு வீட்டில் இருந்து கொண்டுவந்த அவித்த முட்டை இரண்டு, இல்லாவிட்டால் அவித்த கடலையோ கௌபியோ. அதற்குப் பிறகு காலை வரை ஒன்றும் இல்லை. நடுச்சாமத்தில் சாப்பிடுகிற மாச்சத்தை உடம்பு சரியாகக் கையாளாது, இரத்தத்தில் சீனி கூட நேரம் நிற்கும். 2021 இல் வந்த ஒரு ஆய்வில் இரவு வேலை மாதிரி விழித்திருக்க வைத்தவர்களில் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சீனி அப்படி ஏறவில்லை. வீட்டுக்குப் போனதும் இடியப்பம் நாலைந்து, சொதி, அவ்வளவுதான். வெறும் வயிற்றோடு படுத்தால் பசி எழுப்பிவிடும், நிரம்பச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிவு எழுப்பும்.

புரதத்தைக் கூட்டுவது தசையைக் காப்பாற்றத்தான். இரண்டு முட்டையில் 12 கிராம் அளவு, உள்ளங்கை அளவு மீனில் 20 கிராம் அளவு இருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில், முக்கியமாக வவுனியா பக்கம், சிறுநீரக நோய் இருக்கிறவர்கள் கனபேர். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாற்றினின் இரத்தத்தில் கூடியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தாங்களாகவே மாற்றவும் கூடாது. நடுச்சாமத்தில் சீனி இறங்கி வியர்த்து விழுந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதல் மாதம் தராசு அசையவே இல்லை. அக்காவுக்குச் சலிப்பு வந்தது. நிறையைப் பார்க்கிற நாளையும் அப்போதுதான் சரிப்படுத்தினோம். நைட் முடிந்த காலையில் கால் வீங்கியிருக்கும், மலச்சிக்கலும் இருக்கும், உப்புத் தீனி தின்றிருந்தால் தண்ணி தேங்கும், இதிலேயே ஒரு கிலோ கூடக் குறையக் காட்டும். ஓய்வு நாளில் இரண்டு இரவு ஒழுங்காகத் தூங்கிய பிறகு, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். இடுப்பு அளவையும் அதே காலையில், தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபின் எடுக்க வேண்டும். மூன்று மாதம் அளவில் 70 கிலோ, இடுப்பு 92. முந்தி நாலு கிலோ குறைந்தபோது போகாத இடுப்பு, இரண்டு கிலோவுக்குப் போயிருந்தது. விடியப்புற ரோல்ஸ் தானாகவே விட்டுப்போனது என்று சொன்னா. இதிலும் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. 2022 இல் சிக்காகோவில் குறைவாகத் தூங்குகிற 80 பேரை எடுத்து, அதில் ஒரு பகுதியினருக்கு நித்திரையை மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூட்டப் பழக்கினார்கள், சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால் நாளுக்கு ஏறக்குறைய 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ஒரு பணிஸும் ஒரு பால் தேத்தண்ணியும் சேர்ந்தால் அந்த அளவுக்குக் கிட்ட வரும்.

இதெல்லாம் செய்தும் பகல் நித்திரை களைப்பைத் தீர்க்காவிட்டால் வீட்டாரிடம் குறட்டையைப் பற்றிக் கேளுங்கள். குறட்டை இடையில் நின்று, மூச்சுத் திணறி, திடுக்கிட்டு எழும்புவதாகச் சொன்னால் பாயை மாற்றுவதோ தேத்தண்ணியைக் குறைப்பதோ உதவாது, கிளினிக்கில் காட்ட வேண்டும். இன்னொன்று, நைட் முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியால் போகிறவர்கள் வெளிச்சம் படாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டாம். பஸ்ஸில் வருகிறவருக்கு அது நல்லது, ஓட்டுகிறவருக்கு நித்திரையை இழுத்து வரும். கண் சொருகினால் வார்ட்டிலோ தொழிற்சாலையிலோ ஒரு மூலையில் இருபது நிமிசம் படுத்துவிட்டு, எழும்பி முகம் கழுவி, தெளிந்த பிறகு வெளிக்கிடுங்கள்.