தேர்வாகவில்லை என்ற அஞ்சலுக்கு நான் எழுதிய பதில்

கடலூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேதியியலராக இருக்கிறேன். புதுச்சேரி சேதராப்பட்டுப் பக்கம் உள்ள ஒரு மாத்திரைத் தயாரிப்பு நிறுவனத்தில் அதே பணிக்கு விண்ணப்பித்து, ஆய்வக மேலாளருடனான நேர்காணல் வரை சென்றேன். அதன்பின், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நான்கு வரியில் ஓர் அஞ்சல் வந்தது.

அந்த அஞ்சல் noreply என்று தொடங்கும் முகவரியிலிருந்து வந்திருந்ததால், அதற்கே பதில் அனுப்பினால் யார் கண்ணிலும் படாது. ஆகவே, நேர்காணலுக்கு அழைத்து மனிதவள அலுவலர் அனுப்பியிருந்த பழைய அஞ்சலைத் தேடியெடுத்து, அதன் தொடர்ச்சியாகவே எழுதினேன். பணியின் பெயரும் குறியீட்டு எண்ணும் தலைப்பிலேயே இருந்தன. ஒரே வாரத்தில் பலரிடம் பேசும் ஒருவருக்கு நான் யாரென்று நினைவூட்ட வேறெதுவும் தேவைப்படவில்லை.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அதன் சாரம் இது:

"வணக்கம் மேடம். முடிவைத் தெரிவித்தமைக்கும், இரண்டாம் சுற்று நேரத்தை என் ஷிப்டுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தமைக்கும் நன்றி. நேர்காணலில் மாத்திரைகளின் கரைதல் சோதனை குறித்தும், பதிவேடுகளைப் பராமரிக்கும் முறை குறித்தும் நீண்ட நேரம் பேசினோம். இவ்விரண்டில் எதில் எனக்குக் கூடுதல் அனுபவம் தேவை என்று மேலாளர் கருதினார் என்பதைத் தெரிவிக்க இயலுமா? நிறுவன விதி அதற்கு இடம்தராவிட்டால் புரிந்துகொள்கிறேன். தரக்கட்டுப்பாட்டில் வேறு இடம் காலியானால் என்னைத் தொடர்புகொள்ளுங்கள். எனக்கு நோட்டீஸ் காலம் முப்பது நாள், எந்த ஷிப்டும் சம்மதம்."

நன்றியை அந்த நேரமாற்றத்தோடு இணைத்ததற்குக் காரணம், "வாய்ப்பளித்தமைக்கு நன்றி" என்ற வாசகம் எல்லோருடைய அஞ்சலிலும் இருப்பதுதான். கருத்துக் கேட்ட விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "என்னை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை" என்று கேட்டால், எடுத்த முடிவுக்கு விளக்கம் கோருவதுபோல் ஆகிவிடும். அதை எழுத்தில் தந்தால் பின்னர் சிக்கலாகலாம் என்ற தயக்கமும் அவர்களுக்கு இருக்கும். இரண்டு பொருள்களில் ஒன்றைச் சுட்டச் சொல்லும் கேள்விக்கோ ஒரே வரியில் பதில் தந்துவிடலாம், நேர்காணல் குறிப்பைப் பார்த்தாலே போதும். தேர்வானவரைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பதில் எழுத்தில் வரவில்லை. அந்த மனிதவள அலுவலரே தொலைபேசியில் அழைத்தார். பதிவேடுகள் குறித்து மேலாளருக்கு எந்தக் குறையும் இல்லை என்றும், கரைதல் சோதனையைக் கையால் செய்து பழகியவர்தான் உடனடியாகத் தேவைப்பட்டார் என்றும் சொன்னார். வட்டக் கலங்களில் 37 டிகிரி வெப்பத்தில் வைத்த திரவத்தில் மாத்திரையை இட்டு, குறித்த நிமிடங்களுக்குள் எவ்வளவு மருந்து கரைகிறது என்று அளக்கும் சோதனை அது. நாங்கள் தயாரிப்பது மாத்திரையல்ல, அதற்குள் போகும் தூள். எனவே அந்தக் கருவியே எங்கள் ஆய்வகத்தில் கிடையாது. இங்கே இன்னும் எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் அந்த அனுபவம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் முதலில் செய்ய நினைத்ததோ பதிவேடு பராமரிப்புக்கு ஒரு பயிற்சியில் சேர்வது!

மாத்திரை நிறுவனங்களிலும் வாங்கும் மூலப்பொருளைச் சோதிக்கத் தனிப் பிரிவு உண்டு. அதில் எனக்கு அனுபவம் இருப்பதைச் சொன்னபோது, அந்தப் பிரிவுக்கு ஆள் எடுப்பது தனிக் குறியீட்டில் நடக்கும் என்றும், தற்குறிப்பின் முதல் பக்கத்தில் அது தெரியும்படி மாற்றி அனுப்பினால் கோப்பில் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். தேர்வானவர்கள் நோட்டீஸ் காலத்தில் மனம் மாறிச் சேராமல் போவது இத்துறையில் அடிக்கடி நடப்பதால், இத்தகைய பழைய கோப்புகளை அவர்கள் மறுபடியும் புரட்டுவதுண்டு.

அன்று மாலையே அதே தொடர்ச்சியில் இரண்டாவது அஞ்சலை அனுப்பினேன். அழைத்துப் பேசியதற்கு ஒரு வரி நன்றி, மூலப்பொருள் சோதனைப் பிரிவில் இடம் காலியானால் பரிசீலிக்குமாறு ஒரு வரி, திருத்திய தற்குறிப்பு, அவ்வளவுதான். தொலைபேசியில் சொன்ன காரணத்தை அதில் எழுதவில்லை, ஏனெனில் அவர் நம்பிக்கையின் பேரில் வாய்மொழியாகச் சொன்னது அது. அதன்பின் நானாக நினைவூட்டவும் இல்லை. மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவரிடமிருந்து மூலப்பொருள் பிரிவின் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இம்முறை விண்ணப்பப் படிவமும் முதல் சுற்றும் இல்லாமல், நேராக அதே மேலாளரிடம்.