அப்பா முனகும் பாட்டு

ஜூலை 4
அப்பாவின் வலது கை இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.

ஜூலை 5
அப்பா இன்று பாடினார். தண்ணி கேட்கக்கூட வாய் வராதவர், சாயங்காலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு மெட்டை முழுசாக முனகினார். வார்த்தை இல்லை, ராகம் மட்டும். இரண்டு தடவை ஏறி, ஒரு தடவை இழுத்து இறங்குகிறது. ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தேன். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் சொன்னாள்: பக்கவாதம் தாக்கியது மூளையின் இடது பக்கம், பேச்சு அங்கேதான் பெரும்பாலும் இருக்கும், பாட்டு இரண்டு பக்கமும் பரவியிருப்பதால் சிலருக்கு அது தப்பிவிடும். "என்ன பாட்டு என்று கண்டுபிடியுங்கள், அதை வைத்தே பயிற்சி கொடுக்கலாம்" என்றாள்.

என்ன பாட்டு? தேவாரம் இல்லை. சினிமாப் பாட்டும் இல்லை.

ஜூலை 6
தூங்கவில்லை. மெட்டை போனில் பதிந்து நூறு தடவை கேட்டிருப்பேன்.

ஜூலை 7
விடியற்காலை திடீரென்று ஞாபகம் வந்தது. நாங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு வந்த புதிதில், கரண்ட் போன ராத்திரிகளில், அப்பா ஒரு நாடகக் கதை சொல்வார். ஊரே கொண்டாடும் குத்துச்சண்டைக்காரன் ஒருவன். வீட்டில் திருட்டுத்தனமாகச் சாராயம் விற்கும் ஷெபீன்காரி ஒருத்தி. அவளிடம் மயங்குகிறான், தோற்கிறான், சந்தேகப்படுகிறான், கடைசியில் அவளைக் கொன்றே விடுகிறான். பிறகு ஜெயிலில் தண்ணீரில் விழுந்து சாகிறான். கதை அந்த இடத்துக்கு வந்ததும் அம்மா, "பிள்ளைகளிடம் சொல்லும் கதையா இது" என்பார். அப்பா நிறுத்திவிட்டு இதே மெட்டை முனகுவார். இதேதான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "சரஃபீனாவாக இருக்கும்டி, மார்க்கெட் தியேட்டரில் பார்த்தோமே" என்றாள். அது 1987. சொவேட்டோ பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதை, குத்துச்சண்டைக்காரனே கிடையாது. அக்கா விடவில்லை: "வெள்ளைக்காரனும் கறுப்பனும் நாமும் ஒரே ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம் என்று அப்பா எப்போதும் சொல்வார். அந்தக் காலத்தில் மார்க்கெட்டை விட்டால் வேறு எங்கே?"

இந்தக் கேள்விதான் நாள் முழுக்கக் குடைந்தது. மார்க்கெட் தியேட்டர் 1976இல்தான் திறந்தது. நம்மவர்கள் பழம் விற்ற பழைய இந்தியர் பழச் சந்தைதான் அது. ஜனங்கள் மேடையை வளைத்து உட்கார்ந்திருப்பார்கள், திரை இருக்காது. அப்பா கதையோ எப்போதும் "திரை விலகினதும்" என்றுதான் ஆரம்பிக்கும். அடுத்தது, "படியேறிப் போனோம், தூண் தூணாக நின்றது." சந்தைக் கொட்டகையில் எங்கே தூணும் படியும்?

ஜூலை 8
ஹீட்டர் வேலை செய்யவில்லை. வீட்டிலிருந்து கம்பளி கொண்டுபோனேன். கைக்கு மட்டும் தனியாக ஒரு துண்டு.

ஜூலை 9
1965இல் சர்க்கார் ஒரு அறிவிப்பு போட்டது. அதன் பிறகு, பெர்மிட் இல்லாமல் எல்லா இனத்தாரும் ஒரே அரங்கில் உட்காரக் கூடாது. அதற்கு முன்னாலும் பட்டணத்துத் தியேட்டர்கள் வெள்ளையருக்குத்தான். எல்லோரையும் உள்ளே விட்ட சில இடங்களில் யுனிவர்சிட்டி ஹாலும் ஒன்று. ஆக, திரையும் தூணும் கலந்த கூட்டமும் சேர்ந்து இருக்க வேண்டுமானால், அது 1965க்கு முன்னால், யுனிவர்சிட்டியில். அப்பா அப்போது ஜோபர்க் ஃபீடாஸ் பேட்டையில் தையல் கடைப் பையன்.

கதையை அந்த வருஷங்களோடு சேர்த்துத் தேடினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "கிங் காங்." பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பெரிய குரங்குப் படம்தான் வருகிறது, குத்துச்சண்டை என்று சேர்த்தால்தான் நாடகம் வருகிறது. எசெக்கியேல் ட்லாமினி என்ற நிஜ வீரனின் கதை. 1957இல் ஜெயில் பண்ணையில் தண்ணீரில் மூழ்கிச் செத்தான். இசை டாட் மட்ஷிகிசா. முதல் ஆட்டம் 1959 பிப்ரவரி 2, விட்ஸ் யுனிவர்சிட்டியின் கிரேட் ஹாலில்.

நான் கண்டுபிடித்தேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. இரவு பதினொன்று. யாரை எழுப்புவது?

ஜூலை 10
அவசரப்படக் கூடாது. "விட்ஸாப்பா?" என்று கேட்டால் எனக்காகத் தலையாட்டிவிடுவார். எதைக் கேட்டாலும் ஆட்டுகிறார். அதனால் நாலு படம் எடுத்துப்போனேன்: மார்க்கெட் தியேட்டர், ஜோபர்க் சிட்டி ஹால், ஒரு சர்ச் ஹால், விட்ஸ் கிரேட் ஹால். சிட்டி ஹாலுக்கும் தூண் உண்டு, அதற்காகவே சேர்த்தேன். பேர் எதுவும் சொல்லாமல் போர்வைமேல் பரப்பினேன். இடது கையால் விட்ஸைத் தொட்டார். வரிசையை மாற்றி, சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி பரப்பினேன். மறுபடியும் அதையே தொட்டார். விரலை எடுக்கவில்லை.

ஜூலை 11
நாடகம் கிடைத்தது, பாட்டு எது? சண்டைக்காரனைப் புகழ்கிற பாட்டு, பஸ் கியூவில் பாடுகிற பாட்டு, கல்யாணப் பாட்டு, சாவுப் பாட்டு என்று நிறைய இருக்கிறது. அப்பா கதை சொல்லும்போது எந்த இடத்தில் முனகினார்? அம்மா தடுத்த இடத்தில். அதாவது அவள் செத்ததும். அதனால் சாவுப் பாட்டு என்று நினைத்துப் போட்டேன். அது ஆண் குரல். பதிந்து வைத்த முனகலோடு கொஞ்சமும் ஒட்டவில்லை. அப்பா சாவை முனகவில்லை, செத்தவளை முனகியிருக்கிறார். ஷெபீன்காரி பாடும் பாட்டு, ஷெபீனின் பெயரே அதற்கும் பெயர்: "பேக் ஆஃப் த மூன்." இரண்டு தடவை ஏறி, ஒரு தடவை இழுத்து இறங்கும் அதே மெட்டு.

ஜூலை 12
போட்டுக் காட்டினேன். முதலில் கண் விரிந்தது. அவள் பாட ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி போட்டேன், போனைத் தள்ளிவிட்டார். தோற்றுப்போன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, சமைக்காமல், ஹாலில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 13
கூழ். அத்தை கொடுத்தனுப்பினார். அப்பாவுக்கு இரண்டு ஸ்பூன், கெட்டியாக இருந்ததால் சிரமம் இல்லாமல் இறங்கியது.

ஜூலை 14
நான் போட்ட இசைத்தட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லண்டன்! நாடகம் 1961இல் லண்டனுக்குப் போய் பிரின்சஸ் தியேட்டரில் நடந்திருக்கிறது. நான் போட்டது அந்தத் தட்டு. பாட்டு அதுதான், பாடியவள் வேறு. அங்கே ஷெபீன்காரி பெகி பாங்கோ. 1959இல் விட்ஸ் மேடையில் நின்றவர் மிரியம் மகேபா. லண்டன் ஆட்டத்தில் அவர் இல்லை. அப்பாவுக்குக் குரல் தெரிந்திருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலாகியும், பேச்செல்லாம் போன பிறகும், இது அவள் இல்லை என்று தெரிந்திருக்கிறது. நான்தான் பாட்டைத் தேடினேன், அரங்கை மறந்தேன். தூணைத் தொட்டுக் காட்டியவரிடம் லண்டனைக் கொண்டுபோனேன்.

1959 தட்டைத் தேடி எடுத்துவிட்டேன். நாளைக்கு.

ஜூலை 15
மகேபா பாடினார். அப்பா அசையாமல் கேட்டார். அவள் இழுத்து இறங்கும் இடத்தில் கூடவே வாயைத் திறந்தார். ராகம் வந்தது, அதோடு ஒரு வார்த்தையும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"மூன்."

தெளிவாக. நர்ஸும் கேட்டாள். மூன்று தடவை போட்டோம், மூன்று தடவையும் அதே இடத்தில் சொன்னார். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டால் வரவில்லை. பயிற்சிப் பெண்ணுக்கு வாட்ஸப் அனுப்பினேன், திங்கட்கிழமை ஒன்பதுக்கு வருகிறாளாம். அந்த வரியை மட்டும் வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறாள், மெதுவாக, முன்னால் இரண்டு விநாடி விட்டு.

ஜூலை 16
வெட்டி வைத்தாயிற்று. வலது கை இன்று கொஞ்சம் சூடு.