எலும்பு வளர்ந்தது வலது பக்கம், ஆபரேஷன் இடது பக்கம்

மலையகத்தில் ஒருவர் "இடுப்பு நோகுது" என்றால் பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியைத்தான் சொல்கிறார். தொடை எலும்பின் தலை குழிக்குள் உட்காரும் மூட்டுக்கும் நாம் அதே சொல்லைத்தான் பாவிக்கிறோம். அதனால் ஃபிசியோதெரபி அறையில் நாங்கள் எக்ஸ்ரே கவரை உடனே திறப்பதில்லை. "எந்த இடம், ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்போம். விரல் பிட்டத்துக்குப் போனால் முதுகையும், தொடையின் வெளிப்பக்க மேட்டுக்குப் போனால் அங்குள்ள தசைநாண்களையும் முதலில் சந்தேகிப்போம். கவட்டைக்குப் போனால் மூட்டைப் பார்க்க வேண்டும்.

கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அறுபது வயது அம்மா ஒருவரின் விரல் இடது கவட்டைக்கும் அங்கிருந்து இடது முழங்காலுக்கும் போனது. முழங்காலுக்கு மாதக் கணக்கில் தைலமும் குளிசையும் நடந்திருந்தது. மகனின் கவலையோ மறுபக்கம். "மிஸ், அம்மாவுக்கு வலது பக்கம் எலும்பு வளர்ந்திருக்காம். அதை வெட்டி எடுத்துட்டா சரியாயிருமா?"

படத்தில் அவர் சொன்னது உண்மைதான். வலது குழியின் விளிம்பில் எலும்பு உதடு போல நீண்டிருந்தது; இதைத்தான் முள் என்கிறோம். ஆனால் எலும்புத் தலைக்கும் குழிக்கும் நடுவில் 3.5 மில்லிமீற்றர் இடைவெளி சீராக இருந்தது. இடது பக்கம் முள் சின்னதுதான். மேல்பக்க இடைவெளியோ 1 மில்லிமீற்றர்கூட இல்லை, அதை ஒட்டிய எலும்பு வெளுத்து இறுகியிருந்தது.

படத்தில் கறுப்பாகத் தெரியும் அந்த இடைவெளி வெற்றிடமல்ல. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது, அது இருக்கும் இடம்தான் அப்படித் தெரிகிறது. இடைவெளி ஒடுங்கினால் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். 2.5 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் தேய்வு என்றும், 1.5க்குக் கீழே கடுமையானது என்றும் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். முள் என்பது தேயும் மூட்டு தன் விளிம்பை அகலப்படுத்திக்கொள்வது. பார்க்கப் பயமாக இருந்தாலும் வலிக்கு அது மட்டும் காரணமாவது குறைவு; வெட்டி எடுத்தாலும் தேய்ந்த குருத்தெலும்பு திரும்பி வராது. மூட்டு மாற்றும் ஆபரேஷன் வரைக்கும் போகுமா என்று கணிக்க முள்ளைவிட இடைவெளிதான் கூடுதலாக உதவும்.

அதற்காக இடைவெளியை மட்டும் வைத்தும் தீர்மானிக்க முடியாது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்கம் நகரவாசிகளிடம் நடந்த ஆய்வில், படத்தில் தேய்வு தெரிந்த இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில்தான் அடிக்கடி வலி இருந்தது. ஆகவே படத்தைக் காலோடு ஒப்பிட வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளினோம். அப்போது தொடை உள்நோக்கித் திரும்பும். தேய்ந்த மூட்டில் முதலில் குறைவது இந்த அசைவுதான். வலது கால் 30 பாகை திரும்பியது. இடது கால் 5 பாகையிலேயே நின்றது, கவட்டையிலும் முழங்காலிலும் அதே வலி எழுந்தது. முழங்காலைத் தனியாக மடக்கி நீட்டினால் ஒன்றுமில்லை. இரண்டு மூட்டுகளுக்கும் ஒரே நரம்புகளின் கிளைகள் போவதால் இடுப்பின் வலி முழங்காலில் பேசும்.

படம், விரல், அசைவு மூன்றும் இடது பக்கத்தையே காட்டியும் ஆபரேஷன் திகதிக்கு ஓடவில்லை. 12 வாரம் பிட்டத் தசைக்கும் தொடைக்கும் பயிற்சி கொடுத்தோம். ஊன்றுகோலை வலிக்கும் பக்கமே பிடித்திருந்தார், எல்லோரும் செய்யும் பிழை. எதிர்க் கையில், அதாவது வலது கையில், மணிக்கட்டு உயரத்துக்கு வெட்டிக் கொடுத்ததும் நடை சற்று நீண்டது. ஆனால் இரவில் வலி எழுப்புவது நிற்கவில்லை. கால் நகம் வெட்டக் குனிய முடியவில்லை. லயத்துக்கு ஏறும் படிகளில் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. எலும்பு மூட்டு கிளினிக்குக்குக் கடிதம் எழுத வைத்தது இவைதான். வலது பக்கத்தைத் தொட வேண்டியதில்லை என்றும் அதில் எழுதினோம்.

கிளினிக்குக்குப் போகும்போது மூட்டுக்குள் ஸ்டீரொய்ட் ஊசி போட்டிருந்தால் திகதியோடு சொல்லிவிட வேண்டும். போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் கிருமித் தொற்று அபாயம் கூடும் என்பதால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். சொத்தைப் பல்லையும் சீனி அளவையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டியதும் தொற்றுக்குப் பயந்துதான்.

மகனுக்கு நாங்கள் கொடுத்த வேலை வேறு. லயத்துக் கக்கூஸ் குந்தும் வகை. புது மூட்டோடு, முக்கியமாக முதல் மூன்று மாதம், ஆழமாகக் குந்தினால் அது கழன்றுவிடலாம். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும் முன்பே முழங்காலைவிட உயரமான கொமோட் கதிரை ஒன்றும், வழியில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லி, உயரத்தை அம்மாவின் காலிலேயே அளந்து எழுதிக் கொடுத்தோம்.