பதினெட்டு கேட்டேன், பதினெட்டு கொடுத்தார்கள்

2023 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி பைக்கை ஓரங்கட்டிவிட்டு அந்த அழைப்பை எடுத்தேன். மூன்று சுற்று நேர்முகத்தேர்வு முடிந்திருந்தது. ரெக்ரூட்டர் பெண்ணின் குரலில் சந்தோஷம் தெரிந்தது. "நீங்க கேட்டதையே அப்ரூவ் பண்ணிட்டாங்க. சிடிசி பதினெட்டு லட்சம். சரிதானே?"

சிடிசி என்பது ஓர் ஆண்டில் நமக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை. எனக்கு அப்போது ஜாவாவில் ஏழு வருட அனுபவம். வாங்கிக்கொண்டிருந்தது 14 லட்சம். கணக்குப் போட்டால் 28 சதவீதத்துக்கும் மேல் உயர்வு. முதல் அழைப்பில் "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டபோது 18 என்று சொன்னதும் நான்தான். இருந்தாலும் உடனே சரி சொல்லவில்லை. "ரொம்ப நன்றி. எனக்கு இந்த டீம் பிடிச்சிருக்கு. சம்பளப் பிரேக்கப்பை மெயிலில் அனுப்ப முடியுமா? நாளைக்குள்ள பதில் சொல்லிடுறேன்" என்றேன். யாரும் மறுக்க முடியாத கேள்வி அது. ஒரு இரவு கிடைத்தது.

பிரேக்கப் வந்ததும் காகிதத்தில் பிரித்து எழுதினேன். 18 லட்சத்தில் பத்து சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய், வேரியபிள். கம்பெனியின் லாபத்தையும் மேனேஜர் தரும் ரேட்டிங்கையும் பொறுத்து ஆண்டு முடிவில் வரும், அல்லது குறைந்து வரும். மீதி 16,20,000. அதற்குள்ளும் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 77,760, கிராஜுவிட்டி 31,169, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 15,000 இருந்தன. கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் கைக்கு வரும். இவற்றைக் கழித்துப் பன்னிரண்டால் வகுத்தால், என் பிஎஃப் பங்கும் வரியும் பிடிப்பதற்கு முன், மாதம் 1,24,600 சொச்சம். பழைய கம்பெனியில் வேரியபிள் கிடையாது. அங்கே இதே கணக்கில் 1,08,800 வந்துகொண்டிருந்தது. 28 சதவீதம் என்று கேட்ட உயர்வு, மாதச் சம்பளத்தில் 15 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

தவறு என்னுடையது. 18 என்று சொன்னபோது நான் நினைத்தது நிரந்தரச் சம்பளத்தை, அவர் குறித்துக்கொண்டது மொத்த சிடிசியை. நாம் சொல்லும் எண் ஃபிக்ஸடா மொத்தமா என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு முந்தைய வேலை மாற்றத்திலும் ஒருமுறை பேரம் பேசியிருக்கிறேன். வாடகை ஏறிவிட்டது, தங்கை கல்யாணக் கடன் இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அந்த ரெக்ரூட்டர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பது பிற்பாடு, நானே ஆள் எடுக்கும் பேனலில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. ரெக்ரூட்டர் தன் பையிலிருந்து பணம் கொடுப்பதில்லை. டீம் மேனேஜரிடமும் சம்பள அளவை நிர்ணயிக்கும் குழுவிடமும் போய், இவருக்கு ஏன் கூடுதலாகத் தர வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டியவர் அவர். அந்தக் குறிப்பில் என் தங்கை கல்யாணத்தை எழுத முடியாது. "இந்த ஊரில் இந்த வேலைக்கு இப்போது இவ்வளவு போகிறது" என்பதை எழுதலாம். அதனால் நான் எழுதுவது அவரை இளகவைப்பதற்காக அல்ல, அவர் அப்படியே மேலே அனுப்புவதற்காக என்று வைத்துக்கொண்டேன்.

சந்தை நிலவரத்தை ஒரே இரவில் திரட்ட முடியாது. நல்லவேளை, கொஞ்சம் கையில் இருந்தது. வேலை தேடும் தளமான நௌக்ரியில் விவரத்தைப் புதுப்பித்ததிலிருந்து மற்ற கம்பெனிகளிடமிருந்து வந்த ஒவ்வொரு அழைப்பிலும், அவர்கள் எதிர்பார்ப்பைக் கேட்கும்போது, "இந்த ரோலுக்கு பட்ஜெட் எவ்வளவு வெச்சிருக்கீங்க? அது என் எல்லைக்குள்ள இருந்தா மேற்கொண்டு பேசலாம்" என்று திருப்பிக் கேட்டேன். நான்கு பேரில் மூன்று பேர் சொன்னார்கள். சென்னையில் ஒன்று 17 முதல் 20, இன்னொன்று 18 முதல் 21, பெங்களூரில் ஒன்று 20 முதல் 24. அவர்களிடம் ஃபிக்ஸடா மொத்தமா என்று கேட்டு அதையும் குறித்திருந்தேன். மூன்றும் ஃபிக்ஸட்.

பெரிய எண்ணாக இருந்தும் பெங்களூரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். "அது வேற ஊர்" என்ற ஒரு வரியில் அது விழும், விழும்போது மற்ற இரண்டின் நம்பகத்தன்மையையும் இழுத்துக்கொண்டு போகும். இணையத்தில் சம்பளம் காட்டும் தளங்களையும் மேற்கோள் காட்டவில்லை. ஒரே பதவிப் பெயரில் மூன்று வருட அனுபவக்காரரும் பத்து வருடக்காரரும் கலந்திருப்பார்கள், பழைய எண்களும் புதிய எண்களும் சேர்ந்திருக்கும். எச்ஆருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். கையில் இல்லாத இன்னொரு ஆஃபர் இருப்பதாகச் சொல்லலாம் என்று நண்பன் யோசனை சொன்னான். எனக்கு மனம் ஒப்பவில்லை. "லெட்டரைக் காட்டுங்க" என்று கேட்டால் எல்லாமே அங்கேயே முடிந்துவிடும்.

சனிக்கிழமை காலை ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினேன். எட்டு வரிதான். அதன் சாரம் இது:

"ஆஃபருக்கும் அதை இவ்வளவு சீக்கிரம் வாங்கித் தந்ததற்கும் நன்றி. முதல் அழைப்பில் 18 என்று சொன்னது நான்தான். அதை நிரந்தரச் சம்பளமாக நினைத்துச் சொன்னேன், தெளிவாகச் சொல்லாதது என் தவறு. மூன்றாவது சுற்றில், பேமென்ட் சர்வீஸுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரவில் கோளாறு வந்தால் கவனிக்க வேண்டிய ஆன்கால் உண்டு என்றும் தெரிந்துகொண்டேன். முதலில் பேசியபோது அது எனக்குத் தெரியாது. கடந்த ஒரு மாதத்தில் சென்னையில் இதே அனுபவத்துக்கு, பேமென்ட் பின்னணி கேட்கும் இரண்டு வேலைகளுக்குச் சொல்லப்பட்ட ஃபிக்ஸட் 17 முதல் 20, 18 முதல் 21. இதைப் பார்க்கும்போது ஃபிக்ஸட் 19 நியாயமாகப் படுகிறது. வேரியபிள் உங்கள் விதிப்படியே இருக்கட்டும். இதில் உடன்பாடு வந்தால் அன்றே கையெழுத்திட்டு, திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிடுவேன். வேறு எங்கும் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்."

18 என்று நானே சொன்னதை இரண்டாவது வரியிலேயே வைத்தது யோசித்துச் செய்தது. மறைத்திருந்தால் அவராகவே எடுத்துப் பேசியிருப்பார், அப்போது நான் வார்த்தை மாறியவன் ஆகியிருப்பேன். அனுப்பும் முன் அவருக்கு ஒரு போனும் போட்டேன். "ஒரு விஷயம் கேட்டு மெயில் அனுப்புறேன், திடீர்னு பார்த்து நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு முதல்ல சொல்லிடுறேன்." ஒரு நொடி மௌனம். அப்புறம், "அனுப்புங்க, பார்க்கிறேன்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அது இயல்புதான். முடிந்துவிட்டது என்று நினைத்த வேலையை அவர் மறுபடி திறக்க வேண்டும்.

திங்கள் முழுவதும் பதிலில்லை. நான் கேட்கவும் இல்லை. செவ்வாய் மதியம் அழைத்தார். "உங்க மெயிலை அப்படியே ஃபார்வர்டு பண்ணிட்டேன். 17.2 வரைக்கும் ஃபிக்ஸட் தரலாம்னு சொல்றாங்க. அதுக்கு மேல போனா, டீம்ல ஏற்கெனவே இருக்கிறவங்களைத் தாண்டிடும்."

இது வெறும் பேச்சுக்குச் சொல்லும் காரணம் அல்ல. புதிதாக வருபவர் அதே அனுபவமுள்ள பழையவரைவிட அதிகம் வாங்கினால், விஷயம் எப்படியும் வெளியே வரும், மேனேஜர் பலருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெளிச் சந்தை எண்களை எத்தனை அடுக்கினாலும் இந்தச் சுவரை உடைக்க முடியாது. அதனால் மேலும் வாதாடாமல் கேட்டேன்: "புரியுது. அந்த எல்லைக்குள்ளேயே வேற எங்கே இடம் இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க." அவர் யோசித்துவிட்டு, ஆன்கால் உள்ள டீமில் இருப்பவர்களுக்குச் சம்பள எல்லை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அந்தக் காரணத்தை முன்வைத்துத் திரும்பக் கேட்கிறேன் என்றார். ஜாயினிங் போனஸும் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அது ஒருமுறை கொடுத்தால் தீர்ந்துவிடும், மாதச் சம்பள ஒப்பீட்டில் வராது என்பதால் எளிதாக அனுமதி கிடைக்குமாம். இந்த இரண்டு வழியும் எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் என் பக்கம் நின்று யோசித்ததால் கிடைத்தவை.

மறுநாள் மாலை முடிவு வந்தது. ஃபிக்ஸட் 18 லட்சம், வேரியபிள் அதே 1,80,000, ஜாயினிங் போனஸ் ஒரு லட்சம். கேட்ட 19 வரவில்லை. ஆனால் மாதக் கணக்கு 1,38,600 ஆனது, பழையதைவிட 27 சதவீதம் அதிகம். சரி என்றேன்.

கடிதத்தில் ஒன்றே ஒன்று உறுத்தியது. ஒரு வருடத்துக்குள் போனால் போனஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்றிருந்தது. வரி பிடித்துக் கையில் வருவது குறைவு, திருப்பிக் கேட்பதோ முழு ஒரு லட்சம். பதினோரு மாதம் உழைத்தவரும் முழுதாகக் கட்ட வேண்டும். வேலை பார்த்த மாதங்களைக் கழித்துக்கொள்ளும்படி மாற்ற முடியுமா என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் திருத்திய கடிதம் வந்தது. அன்றே கையெழுத்திட்டேன்.

அப்புறம் 90 நாள் நோட்டீஸ். நாற்பதாவது நாள் வாக்கில் இன்னொரு கம்பெனி 20 ஃபிக்ஸட் என்று அழைத்தது. தூக்கம் கெட்டது உண்மை. ஆனால் வேறு எங்கும் பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் அந்த 18 வந்தது. அதை வாங்கிக்கொண்டு இதைத் தொடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ராஜினாமா ஏற்கப்பட்ட நாள், கடைசி வேலை நாள் உறுதியான நாள் என ஒவ்வொன்றுக்கும் ரெக்ரூட்டருக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினேன்.

சேர்வதற்கு நான்கு நாள் முன்பு அவரே அழைத்தார். "திங்கட்கிழமை வந்துருவீங்கல்ல?" ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்துவிட்டது, இப்போதே அனுப்புகிறேன் என்றேன். பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. இதே இடத்துக்கு எனக்கு முன்னால் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று மாதம் காக்கவைத்து, சேரும் நாளன்று போனை எடுக்கவில்லையாம். "உங்க மெயில்ல அந்தக் கடைசி ரெண்டு வரி இருந்துச்சுல்ல," என்றார், "மேனேஜர்கிட்ட நான் அதைத்தான் முதல்ல படிச்சுக் காட்டினேன்."