ஒரு மில்லிமீட்டர் வீக்கம்

என் மகனுக்கு ஒன்றரை வயதில் குரூப் வந்தது. குரல்வளையும் அதற்குக் கீழே மூச்சு போகும் வழியும் வீங்கிக்கொள்ளும் நோய் அது. சாதாரணச் சளி என்றுதான் இருந்தோம். நடுராத்திரியில் நாய் குரைப்பதுபோல ஓர் இருமல். அப்புறம் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கரகரவென்று ஒரு சத்தம். வீசிங் எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் அந்தச் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது வரும். இது நேர்மாறு. பனியனை விலக்கிப் பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய்வந்தது. உடனே கிளம்பிவிட்டோம்.

அவசரப் பிரிவு டாக்டர் அவன் வாயைத் திறந்து பார்க்கவே இல்லை. "அம்மா மடியிலேயே இருக்கட்டும், அழவிடாதீங்க" என்றார். கால்விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டியதோடு சரி. அது நன்றாகவே காட்டியது. "அதை வச்சு நிம்மதியாகிடாதீங்க, ஆக்சிஜன் கடைசியிலதான் இறங்கும்" என்றார்.

அதே சளி எனக்கும் இருந்தது. குரல் கம்மியதோடு போய்விட்டது. இவனுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் வட்டம் போட்டுக் காட்டினார். குரல் நாண்களுக்குக் கீழே குருத்தெலும்பு முழு வளையமாகச் சுற்றியிருக்கிறது. அதனால் அங்கே வரும் வீக்கம் உள்பக்கம்தான் வளர முடியும். சின்னக் குழந்தைக்கு அந்த இடம் சுமார் 4 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் மிஞ்சுவது 2. பாதிதானே என்று தோன்றும். ஆனால் வழியின் பரப்பு கால்வாசியாகிவிடுகிறது, காற்றுக்கான தடை 16 மடங்காகிறது. பெரியவர்களுக்கு 8 மி.மீ. என்றால், அதே வீக்கத்தில் 6 மிஞ்சும். தடை மூன்று மடங்குதான். குழந்தை வீறிட்டு அழும்போது காற்று வேகமெடுத்துச் சுழலும், 16 என்பது 32 வரை போகலாம். மடியைவிட்டு இறக்காதது அதற்காகத்தான்.

எடை பார்த்து டெக்ஸாமெத்தசோன் ஒரே ஒரு வேளை வாயில் கொடுத்தார்கள். வீக்கத்தைக் குறைப்பது அதுதான், ஆனால் நேரமாகும். சும்மா இருக்கும்போதே சத்தம் கேட்டதால், இடைப்பட்ட நேரத்துக்கு அட்ரினலின் நெபுலைசர். மாஸ்க்கை முகத்தில் அழுத்தாமல் சற்றுத் தள்ளியே பிடித்தார் நர்ஸ். அரைமணிக்குள் குழி விழுவது குறைந்தது. வீட்டுக்குப் போகலாமா என்றதற்கு, அட்ரினலின் வேகம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், திரும்ப மூச்சுத் திணறுகிறதா பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்றார்கள். விடியும்வரை இருந்தோம்.

ஆவி பிடிக்கட்டுமா என்று என் மாமியார் கேட்டதற்கு, பலன் இல்லை, சுட்டுக்கொள்ளும் ஆபத்துதான் உண்டு என்று பதில் வந்தது.

அனுப்பும்போது சொன்னது: அடுத்த ஓரிரு இரவுகள் இருமல் திரும்ப வரலாம். தூங்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்க வேண்டாம். சத்தம் திடீரெனக் குறைந்து பிள்ளை துவண்டுபோனால் அது குணமில்லை, மூச்சு இழுக்கவே தெம்பில்லை என்று அர்த்தம்.